பெரியப்பாவின் செடானா, 2022-ஆம் ஆண்டின் சின்னக் காரா?

கேள்வி: மடிப்பாக்கத்தில் வசிக்கிறோம். அலுவலகம் சிறுசேரியில். மாதம் ஒருமுறை அப்பா, அம்மா, மனைவி, ஐந்து வயது மகளுடன் விழுப்புரம் பக்கத்தில் உள்ள சொந்த ஊருக்குப் போய் வருவோம். என் பெரியப்பா தன் 2012 செடான் காரை 1.8 லட்சத்துக்குத் தருகிறேன் என்கிறார். 48,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது, ஒரு கீறல் இல்லை. ஆனால் அது அடிப்படை மாடல். ஏர்பேக்கும் கிடையாது, ஏபிஎஸ்ஸும் கிடையாது. இன்னொரு பக்கம், தெரிந்தவர் ஒருவரின் 2022 சின்னக் கார் 4.3 லட்சத்துக்கு வருகிறது. இரண்டு ஏர்பேக், ஏபிஎஸ் உண்டு. மோதல் சோதனையில் அதற்கு ஒரே ஒரு நட்சத்திரம் என்கிறார்கள். “அந்தக் காலத்து வண்டி கெட்டி, கதவைச் சாத்தினாலே தெரியும், இது தகர டப்பா” என்கிறார் பெரியப்பா. இரண்டரை லட்சம் அதிகம் கொடுத்து மெல்லிய வண்டியை வாங்குவதில் என்ன பாதுகாப்பு?

— வாசகர், மடிப்பாக்கம்

பதில்: 2022 காரை வாங்குங்கள். அதை வாங்கும் முன் செய்ய வேண்டிய பரிசோதனைகள் சில உண்டு, அவற்றில் தேறினால்தான். தேறாவிட்டால் அதே ஆண்டின் வேறொரு காரைத் தேடுங்கள். பெரியப்பாவின் காருக்குத் திரும்ப வேண்டாம். மாதாமாதம் ஐந்து பேரோடு ஜி.எஸ்.டி. சாலையில் போகிறவருக்கு என் பதில் இதுதான்.

விபத்தில் சிக்கிய வண்டிகளைப் பார்த்து, இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு இழப்பை மதிப்பிட்டுக் கொடுக்கும் சர்வேயர் நான். நொறுங்கிய காரைப் பார்த்ததும் எல்லோரும் முன்பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். நான் முதலில் டிரைவர் பக்கக் கதவைக் கையால் திறந்து பார்ப்பேன். கடப்பாரை இல்லாமல் திறந்தால், பானெட் எவ்வளவு சுருங்கியிருந்தாலும் ஆட்கள் உட்காரும் கூடு பெரும்பாலும் நின்றிருக்கிறது என்று பொருள். அடுத்து ஸ்டீயரிங். அதன் கீழ் வளையம் முன்னோக்கி மடங்கியிருந்தால், மடக்கியது டிரைவரின் மார்பு. முன் கண்ணாடியில் உள்ளிருந்து வெளியே புடைத்த சிலந்தி வலை விரிசல் இருந்தால் அங்கே ஒரு தலை போய் முட்டியிருக்கிறது. கடைசியாக சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுப்பேன். உடம்பைத் தாங்கிய பெல்ட், தோளுக்கு மேலே வளையத்தில் உராய்ந்த இடத்தில் பளபளவென்று தீய்ந்தாற்போல் இருக்கும். புதிது போலச் சுருண்டு கிடக்கும் பெல்ட்டை யாரும் போட்டிருக்கவில்லை. வண்டி எத்தனை லட்சம், என்ன மாடல் என்பதைவிட, உள்ளே இருந்தவருக்கு என்ன ஆனது என்பதை இந்த நான்கும் சொல்லிவிடும். உங்கள் இரண்டு கார்களையும் இவற்றை வைத்தே பார்ப்போம்.

முதலில் அந்தக் கதவுச் சத்தம். கதவு ‘டம்’ என்று கனமாகச் சாத்திக்கொள்வதற்குக் காரணம் ரப்பர் பீடிங், பூட்டின் அமைப்பு, கதவுக்குள் ஒட்டியிருக்கும் சத்தம் குறைக்கும் அட்டை ஆகியவை. வண்டியின் வலிமைக்கும் அதற்கும் தொடர்பு மிகக் குறைவு. விரலால் அழுத்தினால் அமுங்கும் வெளித்தகடு, பழைய காரிலும் புதிய காரிலும் முக்கால் மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். உயிரைக் காப்பது கண்ணுக்குத் தெரியாத உள் எலும்புகள்: பானெட்டுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் இரண்டு சட்டங்கள், முன் கண்ணாடியின் இரு புறமும் உள்ள தூண்கள், கதவுக்கு அடியில் ஓடும் பட்டைகள். இவற்றைத் தட்டிப் பார்த்தோ சாத்திப் பார்த்தோ கண்டுபிடிக்க முடியாது. மோதவிட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

முன்பக்கம் நொறுங்குவது குறையே இல்லை என்பதையும் பெரியப்பாவுக்கு விளக்கிச் சொல்லுங்கள். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் எதிலோ மோதி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த வேகத்தின் தாக்கம், மூன்றாவது மாடியிலிருந்து தரையில் விழுவதற்குச் சமம். முன்பக்கம் 60 சென்டிமீட்டர் சுருங்கி நின்றால், பெல்ட் போட்ட 60 கிலோ மனிதர் மீது சராசரியாக ஒரு டன் விசை விழும். விலா எலும்பு உடையலாம், ஆனால் பிழைக்கக்கூடிய அடி. அதே கார் ‘கெட்டியாக’ இருந்து 30 சென்டிமீட்டர்தான் சுருங்கியது என்றால் விசை இரண்டு டன். ஆக, பானெட் சுருங்க வேண்டும். கூடு சுருங்கக் கூடாது. விபத்துப் படங்களைப் பார்த்து “அப்பளம் போல் நொறுங்கிவிட்டது” என்கிறோமே, நொறுங்கியது பானெட்டா, கூடா என்று பிரித்துப் பார்த்த பிறகுதான் அதைச் சொல்லலாம்.

கூடு நின்றுவிட்டால் போதுமா? போதாது. இதற்கு நம் நாட்டுக் கார்களிலேயே ஒரு நல்ல சான்று இருக்கிறது. கார்களை மோதவிட்டு நட்சத்திரம் தரும் குளோபல் என்கேப் அமைப்பு, 2014 ஜனவரியில் இந்தியாவில் விற்ற ஐந்து சின்னக் கார்களின் அடிப்படை மாடல்களை 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டது. மாருதி ஆல்டோ 800, டாடா நானோ, ஹூண்டாய் ஐ10, ஃபோர்டு ஃபிகோ, ஃபோக்ஸ்வாகன் போலோ. பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஐந்துக்கும் பூஜ்யம். ஆனால் ஐந்தும் ஒரே காரணத்தால் தோற்கவில்லை. முதல் மூன்றில் கூடே தாங்கவில்லை. ஏர்பேக் பொருத்தினாலும் பயன் இருக்காது என்றே அந்த அமைப்பு சொன்னது. ஃபிகோவிலும் போலோவிலும் கூடு நின்றது. ஆனால் ஏர்பேக் இல்லாததால், மனிதருக்குப் பதிலாக உள்ளே உட்காரவைத்த பொம்மைகளுக்கு உயிருக்கு ஆபத்தான அடி. பிறகு அதே போலோவை, முன்பக்கம் இரண்டு ஏர்பேக் உள்ள மாடலாக எடுத்து மறுபடி மோதவிட்டார்கள். நான்கு நட்சத்திரம். அதே வகை உடல், அதே வேகம். பூஜ்யத்துக்கும் நான்குக்கும் இடையில் நின்றவை இரண்டு ஏர்பேக்குகள்தான். அதன் பிறகு அந்த நிறுவனம் ஏர்பேக் இல்லாத போலோவை இந்தியாவில் விற்பதை நிறுத்திக்கொண்டது.

உங்கள் பெரியப்பாவின் செடான் இந்த இரண்டு வகையில் எது என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. கூடு நிற்கும் வகையாகவே இருக்கட்டும். அப்போதும் அது ஏர்பேக் இல்லாத போலோவின் நிலைதான். நெடுஞ்சாலை வேகத்தில் நேருக்கு நேர் மோதினால், பெல்ட் போட்டிருந்தாலும் டிரைவரின் தலை முன்னே போய் ஸ்டீயரிங்கைத் தொடும். பெல்ட் தோளையும் இடுப்பையும்தான் பிடிக்கும், தலையைப் பிடிக்காது. தலைக்கும் இரும்புக்கும் நடுவே இருக்க வேண்டியது அந்தக் காற்றுப் பை. அடிப்படை மாடல் என்பதால், மோதிய கணத்தில் பெல்ட்டைப் பின்னுக்கு இழுத்து இறுக்கும் அமைப்பும் அதில் பெரும்பாலும் இருக்காது. இவற்றைப் பின்னால் வாங்கிப் பொருத்தவும் முடியாது. ஏர்பேக் என்பது பை மட்டும் இல்லை. சென்சார், கட்டுப்பாட்டு யூனிட், அந்த மாடலுக்கென்றே கணக்கிட்ட நேரம் எல்லாம் சேர்ந்தது. “வெளியில் பொருத்தித் தருகிறோம்” என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

2012-க்கும் 2022-க்கும் இடையில் நடந்தது வெறும் மாடல் மாற்றம் இல்லை, சட்டம் மாறியது. 2012-இல், உள்ளே பொம்மைகளை உட்காரவைத்து, மோதும்போது மனிதருக்கு எவ்வளவு அடிபடும் என்று அளக்கும் சோதனை இங்கே கட்டாயம் இல்லை. 2017 அக்டோபரில் புதிதாக அறிமுகமான மாடல்களுக்கும், 2019 அக்டோபரில் விற்பனையில் இருந்த எல்லாக் கார்களுக்கும் அது கட்டாயமானது: முன்பக்க மோதல் 56 கிலோமீட்டர் வேகத்தில், பக்கவாட்டு மோதல் 50 கிலோமீட்டர் வேகத்தில். 2019 ஏப்ரலில் எல்லாக் கார்களுக்கும் ஏபிஎஸ். அதே ஆண்டு ஜூலையில் டிரைவர் ஏர்பேக்கும், பெல்ட் போடாவிட்டால் கத்தும் மணியும். 2022 ஜனவரி முதல் பக்கத்து இருக்கைக்கும் ஏர்பேக்.

இந்தக் கடைசித் தேதியை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு நேரடியாக வேலை இருக்கிறது. சட்டம் பார்ப்பது தயாரித்த தேதியை. நாம் ‘2022 மாடல்’ என்று சொல்வது பெரும்பாலும் பதிவு செய்த தேதியை. 2021 நவம்பரில் தயாராகி, ஷோரூமில் நின்று, 2022 பிப்ரவரியில் பதிவான அடிப்படை மாடலில் உங்கள் அப்பா உட்காரும் பக்கம் ஏர்பேக் இல்லாமலும் இருக்கலாம். ஆர்.சி.யில் தயாரித்த மாதமும் ஆண்டும் இருக்கும், பாருங்கள். பிறகு டேஷ்போர்டில் இடது பக்கம் ‘ஏர்பேக்’ என்று எழுத்துப் பொறித்திருக்கிறதா என்று நேரில் பாருங்கள். விற்பவர் “இரண்டு ஏர்பேக்” என்று வாயால் சொல்வதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

இப்போது அந்த ஒற்றை நட்சத்திரம். அதை நான் பூசி மெழுக மாட்டேன். ஒரு நட்சத்திரம் என்பது நல்ல மதிப்பெண் இல்லை. ஆனால் அது எதற்கான மதிப்பெண் என்று தெரிய வேண்டும். நட்சத்திரச் சோதனை 64 கிலோமீட்டரில் நடக்கிறது, அரசின் கட்டாயச் சோதனை 56-இல். எட்டு கிலோமீட்டர்தானே என்று தோன்றும். ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் அது 30 சதவீதம் கூடுதல் அடி. சட்டத்தில் தேறிய கார் நட்சத்திரத்தில் திணறுவது இதனால்தான். மேலும் 2022 ஜூலைக்குப் பிறகு குளோபல் என்கேப் தன் விதிகளைக் கடுமையாக்கியது. பக்கவாட்டுப் பாதுகாப்பு, சறுக்கலைத் தடுக்கும் மின்னணு அமைப்பு, எல்லா இருக்கைக்கும் பெல்ட் மணி என்று பலதையும் கணக்கில் எடுக்கிறது. பழைய விதியில் வாங்கிய இரண்டு நட்சத்திரமும் புதிய விதியில் வாங்கிய ஒன்றும் ஒரே தராசில் நிற்பவை இல்லை. அதனால் நட்சத்திரத்தை எண்ணுவதோடு நிறுத்தாமல், அந்த மாடலின் சோதனை அறிக்கையில் இரண்டு செய்திகளைத் தேடிப் படியுங்கள். ஒன்று, கூடு நிலையானதா, நிலையற்றதா என்று ஒரு வரி இருக்கும். இன்னொன்று, டிரைவரின் தலை, கழுத்து, மார்பு ஒவ்வொன்றும் எந்த வண்ணத்தில் குறிக்கப்பட்டிருக்கிறது என்ற படம். கூடு நிலையற்றது, மார்பு சிவப்பு என்று இரண்டும் சேர்ந்து இருந்தால், இதே விலையில் வேறு மாடலைப் பாருங்கள் என்றே சொல்வேன். மற்றபடி, ஒரு நட்சத்திரம் வாங்கிய காரை, சோதனைக்கே போகாத காரோடு ஒப்பிட்டு “இதற்கு ஒன்றுதான்” என்று சொல்வது சரியில்லை. பெரியப்பாவின் அடிப்படை மாடல் தேர்வே எழுதவில்லை.

பெரியப்பா சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. எடை. அவருடைய செடான் சுமார் 1,100 கிலோ, சின்னக் கார் சுமார் 800 கிலோ என்று எடுத்துக்கொள்வோம். இரண்டும் ஆளுக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் நேருக்கு நேர் மோதினால் செடானுக்கு வேகம் திடீரென 42 கிலோமீட்டர் மாறும். சின்னக் காருக்கு 58. கனமான வண்டிக்குள் இருப்பவருக்கு அடி உண்மையிலேயே குறைவு. நட்சத்திரச் சோதனையில் இது தெரியாது, ஏனென்றால் அங்கே கார் தடுப்பில் மோதுவது, கிட்டத்தட்ட தன் எடையே உள்ள இன்னொரு காரோடு மோதுவதைப் போன்றது. ஆனால் செங்கல்பட்டு, மேல்மருவத்தூர், திண்டிவனம் வழியாகப் போகிற உங்களுக்கு எதிரே வருவதும் முன்னே நிற்பதும் பெரும்பாலும் லாரியும் பஸ்ஸும். 25 டன் லாரியோடு அதே கணக்கைப் போட்டால் செடானுக்கு 96, சின்னக் காருக்கு 97. எடையால் கிடைத்த லாபம் முழுவதும் அங்கே கரைந்துவிடுகிறது. மீடியன் சுவர், புளிய மரம், பாலத்தின் தூண் ஆகியவற்றோடு மோதும்போதும் அப்படித்தான். முன்னூறு கிலோ கூடுதல் இரும்பு ஏர்பேக்குக்கு ஈடாகாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இரவில் விளக்கில்லாமல் ஓரத்தில் நிறுத்திய லாரியின் பின்னால் வேகமாகப் போய் மோதினால் பானெட் லாரிக்கு அடியில் நுழைந்துவிடும். முதல் அடி முன் கண்ணாடிக்கும் தூணுக்கும் விழும். சுருங்க வேண்டிய பானெட்டுக்கு அங்கே வேலையே கிடைக்காது. எந்த நட்சத்திரச் சோதனையும் அதைப் பார்ப்பதில்லை, ஐந்து நட்சத்திரமும் அதற்குப் போதாது. இரவுப் பயணத்தைத் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள். எந்தக் கார் வாங்கினாலும்.

ஏபிஎஸ் விஷயம் சுருக்கமானது. அது வண்டியைச் சட்டென்று நிறுத்தும் கருவி என்று பலர் நினைக்கிறார்கள். காய்ந்த தார் ரோட்டில் நிற்கும் தூரத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதால், பிரேக்கை ஓங்கி மிதித்துக்கொண்டே ஸ்டீயரிங்கைத் திருப்ப முடிவதுதான் அதன் பலன். சக்கரம் பூட்டிக்கொண்டால் ஸ்டீயரிங் எந்தப் பக்கம் திரும்பினாலும் வண்டி நேராகத்தான் வழுக்கும். ஐப்பசி மழையில், மீடியன் இடைவெளியில் திடீரென்று ஒரு பைக் குறுக்கே வரும்போது உங்களுக்கு வேண்டியது இதுதான்.

இனி யார் எங்கே உட்காருவது. நீங்கள் எழுதிய ஐந்து பேரில் பெரியவர் நால்வர், குழந்தை ஒன்று. அப்பா முன்னால் உட்கார்ந்தால் பின்னால் மூன்று பேர். சின்னக் காரின் பின் இருக்கையில் ஓரங்கள் இரண்டிலும் தோளும் இடுப்பும் பிடிக்கும் பெல்ட் இருக்கும். நடுவில் பெரும்பாலும் இடுப்புப் பட்டை மட்டுமே. மகளை நடுவில் உட்காரவைப்பதுதான் நம் வீடுகளின் வழக்கம். அதை மாற்ற வேண்டும். ஐந்து வயதுக் குழந்தைக்கு முதுகு உயர்ந்த பூஸ்டர் இருக்கை வேண்டும். அதற்குத் தோள் பெல்ட் அவசியம். ஆகவே அவள் ஜன்னலோரம். இன்னொரு ஓரத்தில் அம்மா. நடுவில் உங்கள் மனைவி. மடியில் வைத்துக்கொள்கிறேன் என்று அம்மா சொன்னால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்: முன்பு பார்த்த அதே 50 கிலோமீட்டர் மோதலில் 18 கிலோ குழந்தை கிட்டத்தட்ட 300 கிலோ கனத்தோடு முன்னே பாயும். எந்தப் பாட்டியின் கையும் அதைப் பிடிக்காது. பின்னால் பெல்ட் போடாத பெரியவர் முன் இருக்கையை முதுகோடு தள்ளிக்கொண்டு வருவார். அப்போது அப்பாவுக்கு முன்னால் விரிந்த ஏர்பேக்கால் அவரைக் காப்பாற்ற முடியாது. இரண்டரை லட்சம் கூடக் கொடுத்து வாங்கும் பாதுகாப்பு, பின் இருக்கைப் பெல்ட்டுகள் சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடந்தால் பாதியாகிவிடும். முதல் நாளே கவரை வெட்டிக் கொக்கிகளை வெளியே எடுங்கள்.

பாதுகாப்பு அம்சம் காரில் இருப்பது வேறு, இயங்குவது வேறு. சென்னையில் 2022 கார் என்றால் எனக்கு முதலில் எழும் கேள்வி, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது அந்த வண்டி எங்கே நின்றது என்பதுதான். உங்கள் மடிப்பாக்கம், பள்ளிக்கரணை, வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் எவ்வளவு தண்ணீர் நின்றது என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஏர்பேக்கின் கட்டுப்பாட்டு யூனிட் பல கார்களில் கியர் கம்பிக்கு அருகே, தரையோடு திருகியிருக்கும். முன் இருக்கைகளின் அடியில் மஞ்சள் நிறக் கனெக்டர்கள் இருக்கும். அந்த மஞ்சள்தான் ஏர்பேக், பெல்ட் அமைப்பின் வயர்களுக்கு அடையாளம். தண்ணீர் இருக்கை உயரத்துக்கு வந்தால் இவை அனைத்தும் மூழ்கியிருக்கும். வண்டி கழுவிக் காய்ந்து, பாலிஷ் போட்டு, நன்றாக ஓடும். ஏர்பேக் விரியுமா என்பது மட்டும் மோதும் வரை தெரியாது.

கண்டுபிடிக்க வழி உண்டு. முன் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். யாரும் அதுவரை இழுத்துக் கழுவுவதில்லை. அடிப்பகுதியில் சேற்றுக் கோடோ, காய்ந்த மண்ணோ, பூஞ்சைக் கறுப்போ இருந்தால் வண்டி மூழ்கியது. பெல்ட்டின் கீழ்முனையில் தைத்த லேபிளில் தயாரிப்புத் தேதி இருக்கும். வண்டியின் தேதிக்கு மிகவும் பிந்தியதாக இருந்தால் பெல்ட் மாற்றியிருக்கிறார்கள், ஏன் என்று கேளுங்கள். இருக்கையை முழுதும் பின்னால் தள்ளிவிட்டு, தண்டவாளத்தின் போல்ட்டுகளையும் மஞ்சள் கனெக்டர்களையும் டார்ச் அடித்துப் பாருங்கள். மூன்று நான்கு வயதுக் காரில் அங்கே துரு பிடித்திருக்கக் காரணமே இல்லை.

பிறகு சாவியைத் திருப்பி, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் மீட்டரைக் கவனியுங்கள். உட்கார்ந்த மனிதரும் எதிரே ஒரு வட்டமும் உள்ள சிவப்பு விளக்கு எரிந்து, சில விநாடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு. எரியவே இல்லையென்றால் அதைவிட மோசம். கோளாறை மறைக்க யாரோ விளக்கைச் செயலிழக்கச் செய்திருக்கலாம். வெடித்த ஏர்பேக்கை மாற்றாமல் வெறும் மூடியைப் பொருத்தி, விளக்கை ஏமாற்ற ஒரு ரெசிஸ்டரை மாட்டிவிடும் ஆட்களும் இருக்கிறார்கள். ஸ்டீயரிங் நடு மூடியின் நிறமும் எழுத்தும் மற்ற பகுதியோடு பொருந்துகிறதா, டேஷ்போர்டின் மேல்தோல் ஒட்டுப் போட்டதா, மேலே புதிதாக உறை போர்த்தியிருக்கிறதா என்று பாருங்கள். நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்கு வண்டியைக் கொண்டுபோய் ஏர்பேக் யூனிட்டை ஸ்கேன் செய்யச் சொல்லி, சேஸிஸ் எண்ணை வைத்துப் பழைய வேலைகளின் பட்டியலையும் கேளுங்கள். இந்தச் செலவில் கஞ்சத்தனம் வேண்டாம்.

காகிதத்தில் ஒரு துப்பும் இருக்கிறது. எங்கள் தொழிலில் முதலில் பார்ப்பது அதைத்தான். விற்பவரின் இன்சூரன்ஸ் பாலிசிகளை ஆண்டுவாரியாகக் கேளுங்கள். கிளெய்ம் எதுவும் செய்யாதவருக்கு நோ கிளெய்ம் போனஸ் முதல் புதுப்பித்தலில் 20 சதவீதம், பிறகு 25, 35 என்று ஏறிக்கொண்டே போகும். 2023-இல் 20 என்று இருந்து 2024 பாலிசியில் பூஜ்யம் ஆகியிருந்தால், நடுவில் ஒரு கிளெய்ம் நடந்திருக்கிறது. சின்ன உரசலாகவும் இருக்கலாம், டிசம்பர் வெள்ளமாகவும் இருக்கலாம். எது என்று அவர் காகிதத்தோடு சொல்லட்டும். போனஸ் குறையவில்லை என்பதாலேயே வண்டி சுத்தம் என்றும் ஆகாது. கிளெய்ம் செய்தாலும் போனஸ் குறையாத கூடுதல் பாலிசிகள் உண்டு. சிலர் கிளெய்மே செய்யாமல் கைக்காசில் சரிசெய்திருப்பார்கள். அதனால் பெல்ட்டை இழுத்துப் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள். விற்பவர் தெரிந்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். தெரிந்தவர் என்பதாலேயே கேட்கக் கூச்சப்படுகிறோம். நேர்மையானவர் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

பணம் இப்போது புரளவில்லை என்றால் அதற்கும் வழி இருக்கிறது. பெரியப்பாவின் காரை வாங்கி, சென்னைக்குள் ஓட்ட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மடிப்பாக்கத்திலிருந்து மேடவாக்கம் வழியாக நெரிசலில் முப்பது, நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து போகும் காலையில், எல்லோரும் பெல்ட் போட்டிருந்தால், இரண்டு கார்களுக்கும் உள்ள இடைவெளி அவ்வளவு பெரிதில்லை. வேகம் எண்பதைத் தொடும் இடத்தில்தான் அது உயிருக்கும் சாவுக்கும் உள்ள இடைவெளியாக மாறுகிறது. ஆகவே சொந்த ஊருக்குத் தாம்பரத்திலிருந்து ரயிலில் போங்கள். விழுப்புரத்துக்கு வண்டிகள் நிறைய. அப்படி வாங்குவதானால் டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு எண்களை முதலில் படியுங்கள். 2312 என்றால் 2012-ஆம் ஆண்டின் 23-வது வாரம். 48,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்பதால் டயர் பார்க்கப் புதிதாகவே இருக்கும். ஆனால் ரப்பர் கிலோமீட்டரால் மட்டும் கெடுவதில்லை, நம் வெயிலில் வயதாலும் கெடும். நான்கையும் மாற்றுங்கள், பிரேக் ஆயிலையும் ஹோஸ்களையும் கூடவே. அந்தச் செலவையும் சேர்த்துப் பார்த்தால் 1.8 லட்சம் என்பது 1.8 லட்சமாக நிற்காது.

பெரியப்பாவிடம், வண்டியில் குறை என்று பேச வேண்டாம். அவர் வண்டியைக் கண்ணும் கருத்துமாக வைத்திருக்கிறார், அது உண்மை. அவர் வாங்கிய ஆண்டில் அந்த விலைக்கு ஏர்பேக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. தவறு அவருடையது இல்லை. பேத்தியை ஜன்னலோரம் பூஸ்டரில் உட்காரவைக்க வேண்டும், மாதம் ஒருமுறை நெடுஞ்சாலையில் போக வேண்டும், அதற்குத்தான் வேறு வண்டி என்று சொல்லுங்கள். புரிந்துகொள்வார்.

கடைசியாக ஒன்று. சின்னக் காரை ஓட்டிப் பார்க்கப் போகும் நாளில் அப்பா, அம்மா, மனைவி, மகள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பூஸ்டர் இருக்கையை முன்பே வாங்கிக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஐந்து பேரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்து, ஐந்து பெல்ட்டும் கொக்கியில் மாட்டுகிறதா, பூஸ்டருக்குப் பக்கத்தில் உங்கள் மனைவியின் கை நடுப் பெல்ட்டின் கொக்கி வரை போகிறதா என்று பாருங்கள். சில சின்னக் கார்களில் பூஸ்டர் அந்தக் கொக்கியையே மூடிவிடும். அப்படியானால் குறுகலான வேறு பூஸ்டரோ, சற்று அகலமான வேறு காரோ தேட வேண்டியிருக்கும். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அது தெரிந்துவிடட்டும்.